நாலு ஆப்ஷனையும் படிச்ச பிறகுதான் ஷேட் பண்ணணும்: வகுப்பில் இதை எப்படிச் சொல்வது?

மாலைவகுப்பு டீச்சர் | மார்ச் 3, இரவு 9.40

குரூப் 4-க்கு மாலையில் இலவச வகுப்பு எடுக்கிறோம். மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தெரியாத கேள்வியில் போகும் மதிப்பெண்ணை விட, தெரிந்த கேள்வியில் போவதுதான் வருத்தமாக இருக்கிறது. ‘ஏ’ சரி மாதிரி தெரிந்தால் உடனே ஷேட் பண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ‘சி’யில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியவில்லை.

வரும் சனிக்கிழமை பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசப் போகிறேன். “அவசரப்படாதீங்க, எல்லாத்தையும் படிங்க” என்று சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த தேர்விலும் அதையே செய்வார்கள். ஒரே ஒரு கேள்வியை எடுத்து, ஏன் படிக்க வேண்டும் என்று கண்ணுக்கு முன்னால் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். நான் எடுத்து வைத்திருப்பது இது:

‘செல்லாக் காசு’ – இலக்கணக் குறிப்புத் தருக.
ஏ) பெயரெச்சம்
பி) எதிர்மறைப் பெயரெச்சம்
சி) ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
டி) வினையெச்சம்
ஈ) விடை தெரியவில்லை

இது போதுமா? வேறு எதைச் சேர்க்கலாம்?

குரூப்4 கனவு | மார்ச் 3, இரவு 10.05

டீச்சர், இதுல ஏ, பி, சி மூணுமே சரிதானே? செல்லாக் காசு பெயரெச்சம்தான். எதிர்மறையும்தான். மூணு விடை சரியா இருந்தா கேள்வியே தப்பு. உத்தேச விடை வந்ததும் ஆட்சேபணை போட்டா எல்லாருக்கும் மார்க் குடுத்துடுவாங்க. இதை வகுப்புல சொன்னா பசங்க குழம்பிடுவாங்க.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | மார்ச் 4, காலை 6.20

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. ‘செல்லாத காசு’ என்பதில் ‘செல்லாத’ எதிர்மறைப் பெயரெச்சம். கடைசியில் உள்ள ‘த’ கெட்டு ‘செல்லா’ என்று நின்றால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆகவே மூன்றும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. பெயரெச்சம் பெரிய வட்டம், அதற்குள் எதிர்மறை, அதற்குள் ஈறுகெட்டது. பெரிய வட்டத்தைச் சொன்னால் பொய்யில்லை, ஆனால் கேட்ட சொல்லை அது முழுமையாகச் சொல்லவில்லை.

ஆட்சேபணை இதில் எடுபடாது. தேர்வாணையத்தின் வினாத்தொகுப்பு முகப்பில் உள்ள அறிவுரைகளை யாரும் படிப்பதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரி என்று தோன்றினால், மிகச் சரியானது என்று கருதுவதைக் குறிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பள்ளிப் பொதுத்தேர்வுத் தாளிலும் “மிகவும் ஏற்புடைய விடை” என்றுதான் கேட்கிறார்கள். மிகவும் ஏற்புடையது எது என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சொல்லவே முடியாது. டீச்சர், உங்கள் பேச்சுக்கு இதுவே ஆணிவேர். “பொறுமையாகப் படி” என்று சொல்வதற்குப் பதில் “ஏ பொய்யில்லை, இருந்தும் ஏ விடையில்லை” என்று சொல்லுங்கள்.

கணக்குக்காரர் | மார்ச் 4, காலை 8.15

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 200 கேள்வி, 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 54 நொடி. அதில் ஓஎம்ஆர் தாளில் ஷேட் பண்ணும் நேரமும் அடக்கம். எல்லா ஆப்ஷனையும் படி என்றால் கடைசி முப்பது கேள்வி அப்படியே நிற்கும். தெரிந்த விடை ‘ஏ’யில் இருந்தால் ஷேட் பண்ணிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. திறனறிப் பகுதியில் 25 கேள்வி. அங்கே ஆப்ஷனை முதலில் படிப்பதே தப்பு. கையால் ஆப்ஷனை மறைத்துக்கொண்டு கணக்கைப் போடணும், விடை வந்த பிறகு கையை எடுத்துத் தேடணும்.

மதுமிதா அம்மா | மார்ச் 4, காலை 11.30

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பெண் பத்தாம் வகுப்பு. அரையாண்டில் ஒரு மதிப்பெண் பகுதியில் விடையைச் சரியாக எழுதிவிட்டு, பக்கத்தில் ‘ஆ’ என்பதற்குப் பதில் ‘இ’ என்று போட்டிருக்கிறாள். மதிப்பெண் தரவில்லை. விடை சரியாக இருக்கும்போது குறியீடு தப்பானால் என்ன? இதற்கும் நீங்கள் சொல்லும் முறை உதவுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | மார்ச் 4, பிற்பகல் 3.10

அம்மா, பொதுத்தேர்வில் குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்று தவறானாலும் மதிப்பெண் இல்லை என்றுதான் நான் திருத்திய தாள்களுக்கான விடைக்குறிப்பில் இருந்தது. உங்கள் மகளுக்கு நடந்தது படிக்காததால் வந்தது அல்ல, எடுத்து எழுதும்போது கண் ஒரு வரி தள்ளிப் போனதால் வந்தது. அதற்கு மருந்து வேறு. முதலில் விடையை எழுதட்டும், பிறகு வினாத்தாளைத் திரும்பப் பார்த்து அந்த விடைக்கு முன்னால் என்ன குறியீடு இருக்கிறதோ அதை எழுதட்டும். குறியீட்டை முதலில் எழுதிவிட்டு, விடையை ஞாபகத்திலிருந்து எழுதுவதால்தான் இரண்டும் மாறுகின்றன.

மாலைவகுப்பு டீச்சர் | மார்ச் 4, இரவு 9.15

கணக்குக்காரர் சார், நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தமிழ் 100 கேள்வி, ஒன்றுக்கு 30 நொடி என்றால் 50 நிமிடம். பொது அறிவு 75, ஒன்றுக்கு 45 நொடி என்றால் 56 நிமிடம். திறனறி 25, ஒன்றுக்கு 100 நொடி கொடுத்தாலும் 42 நிமிடம்தான். மொத்தம் 148. ஷேட் பண்ண ஒன்றுக்கு 6 நொடி என்று வைத்தால் 20 நிமிடம். அதற்கு மேலும் 12 நிமிடம் மிச்சம். தமிழ்க் கேள்விகளில் ஆப்ஷன்கள் இரண்டு, மூன்று சொல்தான். மீதி மூன்றையும் படிக்க 4, 5 நொடிதான் ஆகிறது. அந்த 5 நொடி இந்த 30-க்குள்ளேயே அடங்கிவிடும்.

நேரம் தின்பது ஆப்ஷனைப் படிப்பது இல்லை. இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஒரே கேள்வியில் மூன்று நிமிடம் நிற்பதுதான். அதற்கு ஒரு எல்லை வைக்கச் சொல்லப் போகிறேன்: இரண்டாகக் குறைந்த பிறகும் முடிவு வரவில்லை என்றால் கேள்வி எண்ணைக் குறித்துக்கொண்டு நகர வேண்டும்.

கணக்குப் பகுதியில் ஆப்ஷனை மறைப்பது நல்ல யோசனை. ஆனால் விடை வந்ததும் அதே எண்ணை ஆப்ஷனில் பார்த்துவிட்டால் போதுமா?

கணக்குக்காரர் | மார்ச் 5, காலை 7.50

போதாது. அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், உதாரணத்தோடு சொல்கிறேன்.

5,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீதம் தனிவட்டி, 3 ஆண்டு. கிடைக்கும் மொத்தத் தொகை என்ன?
ஏ) 1,200
பி) 5,400
சி) 6,200
டி) 6,298.56

பையன் 5,000 × 3 × 8 ÷ 100 போட்டு 1,200 என்று எடுக்கிறான். கையை எடுத்ததும் ‘ஏ’யிலேயே 1,200 நிற்கிறது. சந்தோஷமாக ஷேட் பண்ணிவிடுகிறான். கேட்டது வட்டி இல்லை, மொத்தத் தொகை. விடை 6,200.

மற்ற ஆப்ஷன்களைப் பாருங்கள். 5,400 என்பது ஒரே ஒரு ஆண்டு வட்டியைச் சேர்த்தவனுக்கு. 6,298.56 என்பது கூட்டுவட்டி போட்டவனுக்கு. தாள் தயாரிப்பவர் சும்மா எண்களை அள்ளிப் போடுவதில்லை, மாணவன் எந்த இடத்தில் வழுக்குவான் என்று பார்த்து அங்கே ஒரு விடையை வைக்கிறார். அதனால் நம் விடை அங்கே இருப்பதே சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆப்ஷனில் அசலை விடச் சின்ன எண் ஒன்றும் பெரிய எண்கள் மூன்றும் இருந்தால், கேள்வியின் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கணும். இதற்காகவாவது நாலையும் பார்க்கத்தான் வேண்டும். நேரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறைப்பது முதலில், படிப்பது பிறகு. அதில் மாற்றமில்லை. தமிழுக்கும் பொது அறிவுக்கும்கூட இதே முறைதான் நல்லது என்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | மார்ச் 5, மாலை 5.40

அங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஆப்ஷனை மறைத்துவிட்டு ‘செல்லாக் காசு’ என்ன என்று கேளுங்கள். மாணவர் மனதுக்குள் “பெயரெச்சம்” என்பார். கையை எடுத்தால் ‘ஏ’யில் பெயரெச்சம். தான் சொன்னதே முதலில் நிற்பதால் மேலே படிக்கவே தோன்றாது. கணக்கில் விடை ஒரே எண். இலக்கணத்தில் ஒரே சொல்லுக்குப் பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும் உண்டு. எந்த அளவு நுணுக்கமாகக் கேட்கிறார்கள் என்பதை ஆப்ஷன்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

‘பனைமரம்’ எடுத்துக்கொள்ளுங்கள். பனை என்றாலும் அந்த மரம்தான். சிறப்புப்பெயரும் பொதுப்பெயரும் சேர்ந்து ஒரே பொருளைக் குறிப்பதால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. நன்னூல் இதைப் பண்புத்தொகைக்குள்ளேயேதான் வைக்கிறது. ஆப்ஷனில் பண்புத்தொகை, வினைத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை மட்டும் இருந்தால் பண்புத்தொகையைக் குறிக்க வேண்டும், தவறே இல்லை. இருபெயரொட்டுப் பண்புத்தொகையும் இருந்தால் அதைத்தான் குறிக்க வேண்டும். கேள்வி ஒன்றுதான். பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

டீச்சர், ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டு உதாரணத்தையும் மட்டும் சொன்னால் “நீளமா இருக்கிறதுதான் விடை” என்று பிடித்துக்கொள்வார்கள். உடனே ‘செந்தாமரை’யைக் கொடுங்கள். ஆப்ஷனில் இருபெயரொட்டுப் பண்புத்தொகையும் இருக்கட்டும், பண்புத்தொகையும் இருக்கட்டும். செம்மை என்பது நிறம், அது தாமரையின் இன்னொரு பெயர் இல்லை. ஆகவே விடை பண்புத்தொகை. நீளமானது இங்கே தவறு.

குரூப்4 கனவு | மார்ச் 5, இரவு 8.25

ஐயா விளக்கம் சூப்பர். நான் ஒண்ணு சேர்க்கிறேன். நாலு ஆப்ஷனும் படிச்சும் எதுவும் சரியா வரலைன்னா ‘ஈ’ ஷேட் பண்ணிடணும். அதுக்குத்தானே ‘ஈ’ குடுத்திருக்காங்க? எங்க சென்டர்லயும் அப்படித்தான் சொன்னாங்க.

‘தவறானது எது’ மாதிரி கேள்விக்கு நான் பண்றது: ஒவ்வொரு ஆப்ஷன் பக்கத்துலயும் பேனாவால சின்னதா ‘ச’ இல்ல ‘த’ன்னு போட்டுடுவேன். குழப்பமே வராது. டீச்சர் இதையும் சொல்லிக் குடுக்கலாம்.

மாலைவகுப்பு டீச்சர் | மார்ச் 5, இரவு 10.30

தம்பி, இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

‘ஈ’ என்பது “மேற்கண்ட எதுவுமில்லை” இல்லை. “விடை தெரியவில்லை” என்பது மட்டும்தான். 2020-இல் அதைக் கொண்டு வந்ததன் காரணம், ஷேட் பண்ணாமல் காலியாக விட்ட கேள்வியில் பிறகு யாரும் கை வைக்க முடியாமல் இருக்க வேண்டும் என்பது. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தில் ஒரு வட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். ‘ஈ’க்கு மதிப்பெண் கிடையாது. குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் கிடையாது. அப்படியிருக்க, நாலையும் படித்து இரண்டைக் கழித்துவிட்ட ஒருவர் ‘ஈ’க்குப் போனால், கையில் இருந்த பாதி வாய்ப்பைத் தானே விடுகிறார். ‘ஈ’ கடைசிப் போக்கிடம்.

வினாத்தொகுப்பில் ‘ச’, ‘த’ போடுவது இன்னும் ஆபத்து. வினாத்தொகுப்பில் விடையைக் குறிக்கவோ குறிப்பிட்டுக் காட்டவோ கூடாது என்று அறிவுரையில் தெளிவாக இருக்கிறது. எழுதிப் பார்ப்பதற்குக் கடைசியில் தனி இடம் விட்டிருப்பார்கள், அங்கே மட்டும் எழுதலாம். வகுப்பில் நடத்தும் தேர்வில் பேனாவால் குறித்துப் பழகினால் தேர்வு மையத்தில் கை தானாக அங்கே போகும். அதனால் வகுப்பிலும் வேண்டாம்.

அதற்குப் பதில் விரல். இடது கையின் நான்கு விரல்களை நான்கு ஆப்ஷன்களின் முன்னால் வைக்க வேண்டும். ஒன்று கழிந்ததும் அந்த விரலை மடக்க வேண்டும். காகிதத்தில் எதுவும் விழாது, எத்தனை மிச்சம் என்று கையே சொல்லும்.

கணக்குக்காரர் | மார்ச் 6, காலை 7.30

விரல் முறை நல்லா இருக்கு. இரண்டு பத்தியில் ஆப்ஷன் அச்சிட்டிருந்தால் விரல் சரியாக உட்காராது, அப்போது கட்டை விரலால் மறைத்துக்கொண்டே போகலாம்.

இன்னொரு கருத்தும் வகுப்பில் வரும்: “முதல்ல தோணுறதுதான் சரி, மாத்தினா தப்பாயிடும்.” இதைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வுகளே செய்திருக்கிறார்கள். மாற்றிய விடைகளில் தவறிலிருந்து சரிக்கு மாறியவைதான் அதிகம் என்று வந்திருக்கிறது. மாற்றித் தப்பானது மட்டும் மனதில் ஒட்டிக்கொள்வதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் ஓஎம்ஆரில் கருப்புப் பந்துமுனைப் பேனா. ஷேட் பண்ணிய பிறகு மாற்றவே முடியாது. அதனால் மாற்ற வேண்டியதை எல்லாம் பேனா காகிதத்தைத் தொடும் முன்பே மனதில் மாற்றிவிட வேண்டும்.

மாலைவகுப்பு டீச்சர் | மார்ச் 6, இரவு 9.50

பேச்சை எழுதிவிட்டேன். வகுப்பில் பேசுவது போலவே போடுகிறேன்.

“எல்லாரும் பலகையில இருக்கிற கேள்வியைப் பாருங்க. செல்லாக் காசு. யாரெல்லாம் ‘ஏ’ன்னு நினைக்கிறீங்க? கை தூக்குங்க. பரவாயில்லை, தூக்குங்க. ‘ஏ’ பொய்யா? பொய்யில்லை. காசுங்கிற பெயரைக் கொண்டு முடியுது, பெயரெச்சம்தான். இப்ப ‘பி’யைப் படிங்க. செல்லாதுன்னு மறுக்குது, அதனால எதிர்மறையும் சரி. இப்ப ‘சி’. செல்லாத காசுன்னு இருக்க வேண்டியதுல ‘த’ எங்க போச்சு? கெட்டுப் போச்சு. கேள்வியில இருக்கிற அத்தனையையும் சொல்றது ‘சி’ மட்டும்தான். ‘ஏ’ல நின்னவங்களுக்கு இலக்கணம் தெரியும், ஆனா ஒன்றரை மார்க் போச்சு.

அடுத்தது. மணிமேகலை, சீவக சிந்தாமணி, பெரியபுராணம், சிலப்பதிகாரம். ஆசிரியர்கள்: ஒண்ணு திருத்தக்கதேவர், ரெண்டு சேக்கிழார், மூணு சீத்தலைச் சாத்தனார், நாலு இளங்கோவடிகள். ஆப்ஷன் ஏ: 3, 2, 1, 4. பி: 3, 1, 2, 4. சி: 4, 1, 2, 3. டி: 1, 3, 2, 4. சிலப்பதிகாரம் இளங்கோன்னு எல்லாருக்கும் தெரியும். கடைசியில 4 வரணும். ‘சி’ விரலை மடக்குங்க. மணிமேகலை சாத்தனார், முதல்ல 3 வரணும். ‘டி’யை மடக்குங்க. ‘ஏ’ல முதலும் சரி, கடைசியும் சரி. பேனா எடுத்துட்டீங்களா? வைங்க. இன்னும் ரெண்டு விரல் நீட்டிக்கிட்டு நிக்குது. ‘பி’யிலயும் முதலும் கடைசியும் அதேதான். நடுவுல பாருங்க. பெரியபுராணம் சேக்கிழார், மூணாவது இடத்துல 2 வரணும். ‘ஏ’ மடங்கிடுச்சு. ஒரே விரல் நிக்கும்போதுதான் பேனா.

மூணாவது. தவறான இணை எது? மேட்டூர் அணை காவிரி, சாத்தனூர் அணை தென்பெண்ணை, பவானிசாகர் அணை பவானி, மணிமுத்தாறு அணை வைகை. மேட்டூர் காவிரின்னு படிச்சதும் ‘ஆமா சரி’ன்னு மனசு சொல்லும், கை ‘ஏ’க்குப் போகும். அதனால இந்த மாதிரிக் கேள்வியில விரலை மடக்குறதுக்கு முன்னாடி என்ன தேடுறோம்னு வாய்க்குள்ள ஒரு தடவை சொல்லுங்க: தப்பைத் தேடுறேன். சரியானது வந்தா விரல் மடங்கும். கடைசி வரைக்கும் போகணும். மணிமுத்தாறு தாமிரபரணியோட துணையாறு, வைகைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. விடை ‘டி’.

கணக்கு வந்தா முதல்ல ஆப்ஷனைக் கையால மறைங்க. விடை வந்த பிறகு நாலையும் பாருங்க. கேட்டது வட்டியா, மொத்தத் தொகையான்னு கடைசி வரியைத் திரும்பப் படிச்சுட்டு ஷேட் பண்ணுங்க.

ரெண்டு விரல் நீட்டிக்கிட்டே இருந்தா அந்தக் கேள்வியிலேயே உக்காராதீங்க. எண்ணைக் கடைசிப் பக்கத்துல எழுதிக்கிட்டு நகருங்க, ஓஎம்ஆர்ல அந்த வரிசையைக் காலியா விட்டிருக்கோம்னு ஞாபகம் இருக்கட்டும், இல்லைன்னா அடுத்த கேள்வியோட விடை அங்க போய் உக்காந்துடும். கடைசியில திரும்பி வந்து ரெண்டுல ஒண்ணைப் போடுங்க. ‘ஈ’க்குப் போகாதீங்க.”

இவ்வளவுதான். படித்துப் பார்த்தால் ஏழு நிமிடம் வருகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | மார்ச் 7, காலை 6.10

நன்றாக இருக்கிறது. “மேற்கண்ட அனைத்தும்” என்பது விட்டுப்போயிற்று. ‘டி’யில் அது நின்றால் ‘ஏ’ சரியாக இருப்பதாலேயே ‘ஏ’யை நிரப்பிவிடுவார்கள். ‘ஏ’, ‘பி’ இரண்டும் உறுதியாகச் சரி, “ஏ மற்றும் பி மட்டும்” என்று வேறு ஆப்ஷன் இல்லை என்றால், ‘சி’ தெரியாவிட்டாலும் ‘டி’க்குப் போகலாம். மாறாக மூன்றில் ஒன்று நிச்சயமாகத் தவறு என்றால் ‘டி’ அங்கேயே மடங்கிவிடும். பேச்சில் சேர்க்க இடமில்லை என்றால் பயிற்சியில் வையுங்கள். செந்தாமரையை மறந்துவிடாதீர்கள்.

மதுமிதா அம்மா | மார்ச் 7, காலை 10.45

விடையை முதலில் எழுதி, குறியீட்டைப் பிறகு பார்த்து எழுதும் முறையை என் பெண் செய்து பார்க்கிறாள். அவள் கேட்கிறாள்: கூற்று, காரணம் கேள்விகளில் நாலு ஆப்ஷனும் எப்போதும் ஒன்றேதான், அதை மனப்பாடம் செய்துவிட்டால் படிக்க வேண்டாமே என்று. சரியா?

கணக்குக்காரர் | மார்ச் 7, பிற்பகல் 1.20

மனப்பாடம் செய்யலாம், வரிசையை மட்டும் நம்பக் கூடாதுங்க அம்மா. வாசகம் ஒன்றுதான். ஆனால் “இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது” என்பது ஒரு தாளில் முதலில் வரும், இன்னொன்றில் மூன்றாவதாக வரும். “விளக்குகிறது”, “விளக்கவில்லை” இரண்டுக்கும் வித்தியாசம் வரியின் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. வரியின் பாதியிலேயே கண் நின்றால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அந்தக் கேள்வியில் ஆப்ஷனைக் கடைசிச் சொல்லிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.

மாலைவகுப்பு டீச்சர் | மார்ச் 8, இரவு 9.30

நேற்று பேசினேன். பிறகு ஒரு சோதனையும் வைத்தேன், அது பயன்படும் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

மதிப்பெண் போனது தெரியாததாலா, படிக்காததாலா என்று தாளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதனால் ஒரே பத்துக் கேள்வியை இரண்டு தாளாகத் தட்டச்சு செய்தேன். முதல் தாளில் சரியான விடை, ஏமாற்றும் விடைக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது தாளில் ஏமாற்றும் விடை முன்னால், சரியானது பின்னால். முதல் தாளைப் பேச்சுக்கு முந்தைய வகுப்பிலும் இரண்டாவதைப் பேசுவதற்குச் சற்று முன்பும் கொடுத்தேன். இரண்டிலும் சரி என்றால் அவருக்குப் பாடமும் தெரியும், படிக்கவும் செய்கிறார். முதலில் சரி, இரண்டாவதில் தவறு என்றால் படிக்கவில்லை. இரண்டிலும் தவறு என்றால் அது பாடம், அதை நான்தான் திரும்ப நடத்த வேண்டும். ‘செல்லாக் காசு’ கேள்வியில் மூன்றாவது வகையும் கணிசமாக வந்தது, ஈறு கெடுவது என்றால் என்ன என்றே பலருக்குத் தெரியவில்லை. அவர்களிடம் “எல்லாத்தையும் படி” என்று எத்தனை தடவை சொன்னாலும் பலனில்லை.

பேச்சு முடிந்ததும் கொடுத்த பயிற்சியில் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. செந்தாமரைக்கு இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்று குறித்தவர்கள் நிறைய. கழித்த ஆப்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஏன் கழித்தாய் என்று வாய்விட்டுச் சொல்ல வைத்ததும் சரியாயிற்று. ‘செம்மை தாமரையோட பேர் இல்லை’ என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் தாங்களே விரலை மாற்றினார்கள்.

குரூப்4 கனவு | மார்ச் 8, இரவு 10.15

டீச்சர், அந்த ரெண்டு தாளையும் இங்க போட முடியுமா? ‘ஈ’ பத்தி எங்க சென்டர்ல கேட்டேன், நீங்க சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டாங்க. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. பொது அறிவுல ஆப்ஷனை மறைக்கிறதா, வேண்டாமா? கணக்குக்காரர் சார் மறைன்னு சொல்றார், ஐயா வேண்டாம்ன்னு சொல்றார்.

கணக்குக்காரர் | மார்ச் 9, காலை 7.40

ஆண்டு, இடம், பெயர் கேட்டால் மறை. அங்கே விடை ஒன்றுதான். அரசியலமைப்பு விதி எண் கேட்டாலும் மறை, ஆப்ஷனில் பக்கத்து எண்களைப் பார்த்தால் தெரிந்ததும் கலங்கிவிடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | மார்ச் 9, மாலை 6.00

எண்ணுக்கு ஒப்புக்கொள்கிறேன். “பின்வருவனவற்றுள்” என்று தொடங்கும் கேள்வியில் மறைத்துக்கொண்டு எதை யோசிப்பது? அங்கே ஆப்ஷன்தான் கேள்வியே. பெயர் கேட்கும் கேள்விக்கு இன்னும் என் கருத்து மாறவில்லை. ஒருவருக்கே இரண்டு பெயர் உண்டு, ஆப்ஷனில் எது இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மாலைவகுப்பு டீச்சர் | மார்ச் 9, இரவு 9.05

இரண்டு முறையிலும் பொது அறிவுக்குத் தனித்தனியாக ஒரு தாள் வைத்துப் பார்க்கிறேன். பாதிப் பேர் மறைத்து எழுதட்டும், பாதிப் பேர் மறைக்காமல். அடுத்த வாரம் மாற்றிக் கொடுக்கிறேன். பத்துக் கேள்வித் தாள்கள் இரண்டையும் நாளை மாலை இங்கே போடுகிறேன். ஐயா, ‘பனைமரம்’ கேள்வியை இரண்டு விதமாகவும் சேர்த்திருக்கிறேன், இருபெயரொட்டு உள்ளதும் இல்லாததும். ஆப்ஷன்களை ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.